விஜிஎம் பற்றி ஒரு பத்தி: நேர்காணலுக்கு மறுநாள் போன மெயில்

காலடிப்பேட்டையிலிருந்து தினமும் பாரிமுனைக்கு வேலைக்கு வரும் ஒரு பெண்ணின் கதை இது. பி.காம். முடித்தவர். தம்புச் செட்டித் தெருவில் சிஎச்ஏ எனப்படும் ஒரு சுங்கத் தரகர் ஆபீஸில், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லுக்கு இரண்டரை வருடமாக செக்லிஸ்ட் போடுவதும், துறைமுகத்துக்குள் கன்டெய்னர் போவதற்கான ஃபார்ம் 13 வேலையைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ராயபுரம் பக்கம், சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தார். ஒரு வியாழக்கிழமை காலையில் நேர்காணல் நடந்தது. மறுநாள் காலை விஜிஎம், அதாவது கன்டெய்னரின் மொத்த எடை பற்றி அவர் அனுப்பிய மெயில்தான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம்.

அவருடைய அப்பாவோடு எனக்குப் பழக்கம். ஷிப்பிங் லைன் ஒன்றின் டாக்குமென்டேஷன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்த பழக்கமும் உண்டு. அதனால் மெயிலை அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி அந்தப் பெண் கேட்டார். மூன்று வடிவங்களையும் நான் படித்தேன். எது ஏன் மாறியது என்பதைச் சொன்னால்தான் கடைசியில் போன மெயில் புரியும்.

நேர்காணலில் என்ன நடந்தது

உள்ளே இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்: டாக்குமென்டேஷன் மேலாளர், அப்புறம் எச்ஆர் மேடம். வழக்கமான கேள்விகள்தான். ஷிப்பிங் பில்லில் திருத்தம் வந்தால் என்ன செய்வீர்கள், எந்தெந்த லைனோடு வேலை பார்த்திருக்கிறீர்கள், கப்பலுக்கான கடைசிக் கெடு, அதாவது கட்-ஆஃப் நேரத்தில் இரண்டு பார்ட்டி ஒரே சமயத்தில் நெருக்கினால் யாரை முதலில் கவனிப்பீர்கள், இப்படி. சுமாராக நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறார். முடியும் நேரத்தில் மேலாளர் தன் போக்கில் ஒரு வரி சொன்னார்.

"சரக்கு எடையெல்லாம் பசங்க சரியாத்தான் போடறாங்கம்மா. ஆனா விஜிஎம்-ல அப்பப்போ ஒரு கன்டெய்னரையே தொலைச்சுடறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். அதற்குள் எச்ஆர் மேடம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று கேட்டுவிட்டார். பேச்சு அங்கே போய்விட்டது. "திங்கட்கிழமைக்குள்ள சொல்றோம்" என்றதோடு முடிந்தது.

இந்த ஒரு வரிதான் மெயிலுக்கான வாசல். ஆனால் முதல் மெயிலை எழுதும்போது அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

முதல் வடிவம்

நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி, நான் பி.காம். பட்டதாரி, சுங்கத் தரகர் அலுவலகத்தில் இரண்டரை வருட அனுபவம், சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பழக்கம், எக்செல் தெரியும், கடுமையாக உழைப்பேன், நல்ல பதிலை எதிர்நோக்குகிறேன். இவ்வளவுதான் அதில். பிழை இல்லை, மரியாதையும் இருந்தது.

படிக்கிறவர் நிலையில் இருந்து பாருங்கள். அந்த மேலாளரின் மேசையில் இவருடைய பயோடேட்டா ஏற்கெனவே இருக்கிறது, அதன் ஓரத்தில் அவர் பேனாவால் குறித்ததும் இருக்கிறது. இரண்டரை வருடம் என்பதை அவர் வட்டமே போட்டிருக்கலாம். மெயில் அதையே திரும்பச் சொன்னால் முதல் இரண்டு வரியிலேயே அது நன்றிக் கடிதம் என்று தெரிந்துவிடும். மீதியைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. கெடுதல் ஒன்றும் வராது. நேற்று அவரைப் பற்றி என்ன நினைத்தார்களோ அது அப்படியே இருக்கும், அவ்வளவுதான்.

"அப்போ புதுசா என்ன எழுதறது அண்ணா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பயோடேட்டாவுலயே இருக்கே" என்றார். நான் பயோடேட்டாவை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். நேற்று அவர்கள் பேசியதில் கேள்வியாக இல்லாதது எது என்று மட்டும் கேட்டேன். கேள்விகளுக்கு எல்லா விண்ணப்பதாரரும் பதில் சொல்லியிருப்பார்கள். கேள்வியாக வராமல் தவறி விழுந்த வார்த்தை பெரும்பாலும் அந்த ஆபீஸின் உண்மையான தலைவலியாக இருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த விஜிஎம் வரியைச் சொன்னார். சொன்ன கையோடு, "அது ஏன் நடக்குதுன்னு எனக்குத் தெரியும்ணா, எங்க ஆபீஸ்ல அந்தச் சீட்டெல்லாம் என் கைக்குத்தான் வரும்" என்றும் சொன்னார்.

அந்தத் தலைவலி என்ன

விஜிஎம் என்பது சரக்கு ஏற்றிப் பூட்டிய கன்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை. கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் கீழ் 2016 ஜூலை 1 முதல் இது கட்டாயம். இந்த எடை கையில் வராமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. கப்பலில் எந்தப் பெட்டியை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது என்று திட்டம் போடுவதே இந்த எடையை நம்பித்தான். எடையை அறிவிக்கும் பொறுப்பு சரக்கை அனுப்புகிறவருடையது. நடைமுறையில் எண்ணைத் தட்டுவது சிஎச்ஏ ஆபீஸிலோ ஃபார்வர்டர் ஆபீஸிலோ உள்ள பிள்ளைகள்.

எடையை இரண்டு வழியில் எடுக்கலாம். ஒன்று, சரக்கு ஏற்றிய கன்டெய்னரை அப்படியே எடைபோடுவது. இன்னொன்று, உள்ளே போகும் பெட்டிகள், பேலட்டுகள், முட்டுக்கொடுக்கும் கட்டைகள் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, அதோடு காலிக் கன்டெய்னரின் எடையைச் சேர்ப்பது. அந்தக் காலி எடை, அதாவது டேர், கன்டெய்னரின் கதவிலேயே எழுதியிருக்கும். இருபது அடிப் பெட்டி என்றால் சுமார் 2,200 கிலோ, நாற்பது அடி உயரப் பெட்டி என்றால் 4,000-க்குக் கொஞ்சம் குறைவாக.

நம் பக்கத்தில் முதல் வழியைத்தான் அதிகம் பார்க்கலாம். ட்ரெய்லரை எடைமேடையில் ஏற்றி, சீட்டு வாங்கி, டிரைவர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். சீட்டில் மூன்று எண்கள் இருக்கும்: லோடு எடை, காலி எடை, நெட். ஆபீஸில் இருப்பவருக்கு நெட் என்ற எண்தான் கண்ணில் படும். சிக்கல் அங்கேதான்.

ட்ரெய்லர் மணலி, மாதவரம் பக்கத்து யார்டு ஒன்றில் காலிக் கன்டெய்னரை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் சொந்த எடைமேடை இருந்தால், உள்ளே நுழையும்போதே காலி எடை போட்டுவிடுவார்கள். அப்போது வண்டியின் மேல் கன்டெய்னர் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டஃபிங் முடிந்து வெளியே வரும்போது லோடு எடை. இரண்டையும் கழித்தால் வருவது சரக்கின் எடை மட்டும். கன்டெய்னரின் எடை இரண்டு பக்கமும் இருந்ததால் கழிந்து போய்விடுகிறது. இந்த நெட்டை விஜிஎம் என்று போட்டால் மேலாளர் சொன்ன மாதிரி ஒரு கன்டெய்னரே தொலைந்து போகும்.

அதே சரக்கு வெளியே ரோட்டோர எடைமேடைக்குப் போனால் கதை வேறு. அங்கே லோடு எடை மட்டும் போட்டுவிட்டு, காலி எடைக்கு வண்டியின் ஆர்சி புத்தகத்தில் உள்ளதையோ, முன்பு வெறும் வண்டியாகப் போட்டு வைத்ததையோ எடுத்துக்கொள்வது உண்டு. அப்போது வரும் நெட்டில் சரக்கும் இருக்கிறது, கன்டெய்னரும் இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே விஜிஎம் ஆகப் போடலாம். இதில் ஒருவர் ஞாபகமாக டேரைக் கூட்டினால் அதுவும் தப்பு. ஒரு கன்டெய்னர் அதிகமாகிவிடும்.

இரண்டு சீட்டிலும் நெட் என்றுதான் அச்சாகியிருக்கும். சீட்டைப் பார்த்து எது எந்த நெட் என்று சொல்ல முடியாது. "கன்டெய்னர் எடையைச் சேர்க்க மறந்துடாதே" என்று ஆபீஸில் ஒரு போர்டு எழுதி மாட்டினாலும் இது தீராது. சிலவற்றில் சேர்க்க வேண்டும், சிலவற்றில் சேர்க்கவே கூடாது.

இந்தப் பெண் கண்டுபிடித்து வைத்திருந்த வழி எளிமையானது. சீட்டின் நெட்டை எடுத்து, பேக்கிங் லிஸ்டில் உள்ள கிராஸ் எடைக்கு, அதாவது பெட்டிகளோடு சேர்ந்த சரக்கின் எடைக்குப் பக்கத்தில் வைப்பார். பேக்கிங் லிஸ்டில் 17,860 கிலோ, சீட்டில் நெட் 17,920 என்றால் இரண்டுக்கும் 60 கிலோதான் வித்தியாசம். அது முட்டுக்கட்டையும் கயிறும். ஆகவே இது கன்டெய்னர் கழிந்துபோன நெட். கதவில் உள்ள டேர் 2,240-ஐச் சேர்த்து 20,160 என்று விஜிஎம் போட வேண்டும். அதே சரக்குக்கு நெட் 20,160 என்று சீட்டு வந்தால் பேக்கிங் லிஸ்டைவிட 2,300 அதிகம். கிட்டத்தட்ட ஒரு டேர். கன்டெய்னர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, எதையும் சேர்க்க வேண்டாம். யாருக்கும் போன் போடாமல், கையில் உள்ள இரண்டு காகிதத்தை வைத்தே அரை நிமிடத்தில் முடிவது இது.

பயோடேட்டாவில் இது இல்லை. இருக்கவும் முடியாது, "விஜிஎம் பதிவு" என்று இரண்டு வார்த்தை இருந்தது, எல்லோருடையதிலும் இருப்பதுபோல.

இரண்டாவது வடிவம், அதில் இருந்த ஆபத்து

விஷயம் கிடைத்ததும் உற்சாகத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டார். அதில் விஜிஎம் ஒன்று, ஏற்றுமதிச் சலுகைக் குறியீடுகள் பற்றி ஒன்று, ஷிப்பிங் பில் திருத்தங்களைக் குறைக்க ஒரு யோசனை என்று மூன்று விஷயங்கள். கூடவே தன் ஆபீஸில் வைத்திருந்த எக்செல் ஷீட்டும், மாதிரிக்கு ஒரு எடைச் சீட்டின் படமும் இணைப்பாக.

மூன்று விஷயம் இருந்தால் எதுவும் நிற்காது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது, மெயில் இப்படித் தொடங்கியிருந்தது: "உங்கள் அலுவலகத்தில் விஜிஎம் பதிவில் அடிக்கடி தவறு நடப்பதாக மேலாளர் கூறினார்." நடந்தது நிஜம்தான். ஆனால் மேலாளர் அதை அறைக்குள் சிரித்துக்கொண்டு சொன்னார். எழுத்தில் அது எச்ஆர் மேடம் வழியாகப் போகும், அங்கிருந்து யாருக்கு வேண்டுமானாலும் ஃபார்வர்ட் ஆகும். தன் பிரிவில் தவறு நடக்கிறது என்று தானே சொன்னதாக ஒரு வெளியாள் எழுதிய மெயிலை எந்த மேலாளரும் ரசிக்க மாட்டார். நேர்காணலில் காதில் விழுந்த உள்வீட்டுக் குறையை அவர்கள் மேல் திருப்பிப் போடாமல், அந்த விஷயத்தில் நான் செய்வது இது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரே தகவல்தான், எழுதுகிற பக்கம் மாறினால் படிக்கிறவருக்குக் கூச்சம் இல்லை.

இணைப்புகளைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. எடைச் சீட்டின் படத்தில் வண்டி எண், பார்ட்டி பெயர், கன்டெய்னர் எண் எல்லாம் இருக்கும். அது அவர் இப்போது வேலை பார்க்கும் ஆபீஸின் வாடிக்கையாளர் சமாச்சாரம். அதை அனுப்பினால் விஷயம் தெரிந்தவர் என்ற பெயர் வராது; நாளைக்கு நம் பார்ட்டியின் காகிதத்தையும் இப்படித்தான் வெளியே அனுப்புவார் என்ற எண்ணம்தான் வரும். ஃபார்வர்டிங் தொழிலில் பார்ட்டி பெயர்தான் சொத்து. பேரை அடித்துவிட்டு அனுப்பலாமே என்றார். வேண்டாம், கற்பனை எண்களே போதும் என்றேன். எடையைக் கழிக்கத் தெரிந்தவருக்கு எந்த எண்ணாக இருந்தால் என்ன?

போன மெயில்

ஆங்கிலத்தில்தான் அனுப்பினார். இங்கே தமிழில் தருகிறேன்.

"வணக்கம். எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பணிக்கு நேற்று நேர்காணலுக்கு வந்திருந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கீழே உள்ள சிறு குறிப்பு மேலாளர் அவர்களுக்கானது. அவருக்கு அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்.

பேச்சின் முடிவில் விஜிஎம் பற்றி வந்தது. நான் வழக்கமாகச் செய்யும் ஒரு சரிபார்ப்பை அப்போது சொல்ல நேரம் இல்லை. எடைச் சீட்டு வந்ததும் அதன் நெட் எடையைப் பேக்கிங் லிஸ்டின் கிராஸ் எடையோடு ஒப்பிடுவேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், காலி எடை போட்டபோது வண்டியில் கன்டெய்னர் இருந்திருக்கிறது என்று பொருள். டேரைக் கூட்டிப் பதிவு செய்வேன். வித்தியாசம் டேர் அளவுக்கு இருந்தால் நெட்டையே பதிவு செய்வேன். இரண்டிலும் சேராவிட்டால், பதிவு செய்யாமல் டிரான்ஸ்போர்ட்டரிடம் கேட்பேன்.

எடுத்துக்காட்டாக: பேக்கிங் லிஸ்ட் 17,860, நெட் 17,920, டேர் 2,240 என்றால் விஜிஎம் 20,160 கிலோ.

வேறு விவரம் தேவைப்பட்டால் தெரிவியுங்கள். நன்றி."

கீழே பெயரும் போன் எண்ணும். அவ்வளவுதான்.

முதல் பத்தி முழுக்க எச்ஆர் மேடத்துக்காக எழுதியது. அவருக்கு விஜிஎம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மெயில் அவர் பெட்டியில்தான் விழுகிறது. அவர் ஃபார்வர்ட் செய்தால்தான் மேலே போகும். யார் எழுதுகிறார், எந்த வேலைக்கு, தான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அவருக்கு உடனே தெரிய வேண்டும். மேலாளரின் விசிட்டிங் கார்டு இவரிடம் இருந்தது. அவருக்கே நேரடியாக அனுப்பலாமா என்று கேட்டார். பெரிய கம்பெனியில் எச்ஆரைத் தாண்டிப் போவது சிலருக்குப் பிடிக்காது. அதனால் எச்ஆர் அனுப்பிய அழைப்பு மெயிலுக்கே ரிப்ளையாகப் போடச் சொன்னேன். அதே தொடரில் போவதால் எந்த வேலை, எந்தத் தேதி என்று யாரும் தேட வேண்டியதில்லை.

"இரண்டிலும் சேராவிட்டால்" என்ற வரியை அவராகவே சேர்த்தார். எனக்கு மெயிலிலேயே பிடித்த வரி அது. ஒரு வழியைச் சொல்கிறவர், அந்த வழி எங்கே நின்றுபோகும் என்பதையும் சொன்னால்தான் அதைக் கையால் செய்தவர் என்று நம்பத் தோன்றும்.

நேரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால். எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் ஆபீஸில் மதியத்துக்கு மேல் கட்-ஆஃப் நெருக்கடி வந்துவிடும், மெயில் பெட்டியில் லைன்காரர்களின் மெயில்தான் குவியும். வியாழன் மாலையே அனுப்பியிருந்தால் அந்தக் குவியலுக்கு அடியில் போயிருக்கும். திங்களன்று சொல்கிறோம் என்றவர்களுக்குச் சனிக்கிழமை அனுப்புவதும் தாமதம்.

பதில் வந்தது

வெள்ளி மாலை எச்ஆரிடமிருந்து "நன்றி, அனுப்பிவிட்டேன்" என்று ஒரு வரி. திங்களன்று முடிவு வரவில்லை. செவ்வாய்க்கிழமை மேலாளரே போனில் கூப்பிட்டு, மறுநாள் வரச் சொன்னார். இரண்டாவது சுற்று என்று எங்கும் அறிவித்திருக்கவில்லை.

போனபோது அவர் மேசையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒரு பேக்கிங் லிஸ்ட், ஒரு எடைச் சீட்டு. பேக்கிங் லிஸ்டில் 17,860. சீட்டில் நெட் 19,100. "இப்ப சொல்லும்மா, இது எது?"

வித்தியாசம் 1,240. முட்டுக்கட்டை என்று சொல்ல முடியாத அளவுக்கு அதிகம், டேர் என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு. இவர் இரண்டு சந்தேகங்களைச் சொன்னார். கடைசி நேரத்தில் தொழிற்சாலையில் கூடுதலாக ஏற்றிவிட்டுப் பேக்கிங் லிஸ்டைத் திருத்தாமல் அனுப்பியிருக்கலாம். அல்லது காலி எடை வேறொரு நாள் போட்டது, ட்ரெய்லர் மாறியிருக்கலாம். எது என்று காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

"வண்டி எண்ணூர் ரோட்டுல லைன்ல நிக்குது. கட்-ஆஃபுக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. என்ன போடுவே?"

"எதையும் போட மாட்டேன் சார். தொழிற்சாலைக்கு ஒரு போன், எத்தனை பேலட் ஏத்தினாங்கன்னு. டிரைவருக்கு ஒரு போன், காலி எடை எப்போ போட்டீங்கன்னு. ரெண்டு பேர் சொல்றதும் சேரலைன்னா மறுபடி எடைதான். உங்ககிட்ட அப்பவே சொல்லிடுவேன், கப்பல் மாத்த வேண்டி வரலாம்னு."

அந்த வழி சரியாக இருப்பது பேக்கிங் லிஸ்ட் சரியாக இருக்கும்வரைதான் என்பதை மேலாளர் சோதித்திருக்கிறார். தப்பான பேக்கிங் லிஸ்டோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் கிடைக்கும். மெயிலில் எழுதியதை இணையத்தில் பார்த்து எழுதியிருந்தால் இந்த இடத்தில் மாட்டியிருப்பார். புதிதாக ஒன்றைச் சேர்க்கிறவர் கவனிக்க வேண்டிய விஷயம் இது: அடுத்த சுற்றில் கேள்வி அந்த ஒன்றைப் பற்றித்தான் வரும், அதற்கு அடுத்த அடியில் உள்ள கேள்வி. மூன்று கேள்வி ஆழம் தெரியாத விஷயத்தை மெயிலில் போடாமல் இருப்பதே நல்லது.

வேலை கிடைத்தது. அதற்கு மெயில்தான் காரணம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. நோட்டீஸ் பீரியட் குறைவு, வீடு பக்கம், கேட்ட சம்பளமும் அவர்கள் நினைத்ததற்குள்தான் இருந்தது. இவையெல்லாம் மெயிலுக்கு முன்பே அவருக்குச் சாதகம். மெயில் செய்ததாக நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். இரண்டாவது சந்திப்பின் பேச்சு எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் அந்தக் கேள்வி வந்து விழுந்தது.

இதே முறை கைகொடுக்காத இடங்கள்

கொஞ்ச நாள் கழித்து வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி இதைக் கேள்விப்பட்டு, மாதவரம் பக்கத்தில் சிஎஃப்எஸ் எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையம் ஒன்றில் கேட் சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணலுக்குப் பிறகு ஒரு மெயில் அனுப்பினார். புதிய விஷயமாக அவர் சேர்த்தது, இரவு ஷிஃப்டுக்கும் தயார் என்பது. நேர்காணலில் அம்மா உடல்நிலை காரணமாக இரவு ஷிஃப்ட் கஷ்டம் என்று சொல்லியிருந்தார். எச்ஆரிலிருந்து போன் வந்தது, எது உண்மை என்று கேட்டு. அறையில் சொன்னதை மாற்றுவது புதிய விஷயம் ஆகாது. சொன்னதை இவர் மாற்றுவார் என்பதுதான் அங்கே புதிதாகத் தெரிந்தது. நிலைமை நிஜமாகவே மாறியிருந்தால் மெயிலை விடப் போனில் காரணத்தோடு சொல்லியிருக்கலாம்.

நேர்காணலில் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டு, அதைச் சரிசெய்ய மெயில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். பதிலில் ஒரு உண்மைத் தகவல் தவறு, அதாவது ஒரு எண்ணோ விதியோ மாறிப்போயிருந்தால், ஒரே வரியில் திருத்தலாம். திணறிப்போன பதிலை அழகாகத் திரும்ப எழுதுவதில் பலன் குறைவு. வீட்டில் உட்கார்ந்து தேடி எழுதியது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சொன்ன தேதிக்குப் பிறகும் பதில் வராவிட்டால், இரண்டு வேலை நாள் பொறுத்து, நிலவரம் கேட்டு ஒரு வரி போதும். அதில் இன்னொரு புதிய விஷயத்தைச் சேர்க்க வேண்டாம். முதல் மெயிலில் இருந்த ஒன்று அவருக்குத் தேவைப்பட்டிருந்தால் அதையே நினைவில் வைத்திருப்பார்.

அரசு வேலைக்கும் பொதுத்துறை வேலைக்கும் இது எதுவும் பொருந்தாது. வடசென்னையில் துறைமுகத்தையும் மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் நம்பிப் படிக்கிற பிள்ளைகள் நிறைய. இப்படிப்பட்ட அறிவிப்புகளின் கடைசிப் பக்கத்தில், எந்த வகையிலாவது சிபாரிசு தேடினாலோ செல்வாக்கைப் பயன்படுத்த முயன்றாலோ விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்ற வரி வழக்கமாக இருக்கும். நேர்காணல் குழுவில் இருந்தவருக்குத் தனியாக மெயில் போடுவதை அந்த வரியின் கீழ் கொண்டுவர முடியும். அங்கே மதிப்பெண் அறைக்குள்ளேயே போடப்பட்டுவிடுகிறது. சான்றிதழ், முகவரி போன்ற விவரத்தில் சந்தேகம் இருந்தால் அறிவிப்பில் கொடுத்திருக்கும் உதவி முகவரிக்கு மட்டும், பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம்.